மாலை இல்லாத விரதம்

எங்கள் ஊர்ப்பக்கம் அம்மாக்கள் பிள்ளைகளை வருஷம் முழுக்க 'சாமி' என்றுதான் கூப்பிடுவார்கள். கார்த்திகை ஒன்றாம் தேதி அந்தப் பெயர் அப்பாவுக்கும் வந்துவிடும். விடியும் முன்னே மோகனூர் காவிரியில் முங்கி எழுந்து, குருசாமி கையால் துளசி மாலை போட்டுக்கொண்டு கறுப்பு வேட்டியில் வீடு திரும்புவார். வாசலில் அம்மா, "வாங்க சாமி" என்பார். அன்றிலிருந்து நாங்கள் யாரும் அவரை அப்பா என்று கூப்பிட மாட்டோம்.

சபரிமலை விரதம் 41 நாள். நம் ஊரில் ஒரு மண்டலம் என்றால் 48 நாள் என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். ஆனால் ஐயப்பனுக்கு மலையாளக் கணக்கு. நவம்பர் நடுவில் நடை திறந்ததிலிருந்து டிசம்பர் கடைசியில் மண்டல பூஜை வரைக்கும் 41. கறி, மீன், முட்டை, குடி, புகை எதுவும் கூடாது. சவரம் இல்லை, செருப்பு இல்லை. இரண்டு வேளை பச்சைத் தண்ணீரில் குளியல், தரையில் பாயில் படுக்கை, பிரம்மச்சரியம். மதியம் ஒரு வேளைதான் சோறு, ராத்திரிக்குப் பலகாரமோ பழமோ. சாவு வீட்டுக்குப் போகக்கூடாது. எங்கள் தெரு சாமிகள் யாரும் இந்தப் பட்டியலைப் புத்தகத்தில் படித்ததில்லை. குருசாமி சொன்னதுதான் சட்டம், சந்தேகம் வந்தாலும் அவரிடம்தான் போவார்கள்.

அப்பாவின் பிழைப்புக்கும் இந்தப் பட்டியலுக்கும் ஆகவே ஆகாது. அவர் நாமக்கல்லிலிருந்து கேரளாவுக்கு முட்டை லோடு ஓட்டுகிறவர். முப்பது முட்டை அடுக்கிய அட்டைகளைப் பகலெல்லாம் தொட்டுத் தூக்கிவிட்டு, சாயங்காலம் கிளம்பி ராத்திரி முழுக்க ஓட்ட வேண்டும். முட்டை சாப்பிடக் கூடாது, சரி. தொடலாமா? முதல் வருஷமே கேட்டிருக்கிறார். "தொழிலுக்குத் தீட்டு இல்ல சாமி, வீட்டுக்கு வந்ததும் குளிச்சிடுங்க" என்றாராம் குருசாமி. வெறுங்காலோடு வண்டி ஓட்டிவிடலாம். வழியில் டயர் பஞ்சரானால் கொதிக்கிற தார் ரோட்டில் எப்படி நிற்பது? அதற்கும் அனுமதி வாங்கி, கேபினில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு கிடக்கும். விடியும் முன் குளியல் என்பது லோடு இறக்கின பிறகு குளியல் என்று ஆனது. ஹோட்டல் சாப்பாடு மட்டும் கூடாது, டீ குடிக்கலாம்.

அந்த 'ஹோட்டல் கூடாது' என்ற ஒரு வரி அம்மாவின் நாளையே மாற்றிவிடும். ராத்திரி முழுக்க வண்டியில் கிடந்தும் கெடாத சாப்பாடு வேண்டும். அதனால் புளிசாதம், எலுமிச்சை சாதம், மறுநாள் காலைக்குத் தனியாக இட்லி. விரதத்துக்கென்று பரணிலிருந்து இறங்கும் தனிப் பாத்திரங்கள். குளிக்காமல் அடுப்பைத் தொட முடியாது என்பதால் அம்மாவுக்கும் நாலரை மணிக்குக் குளியல். வீட்டில் கறி எடுப்பதில்லை என்பதால் எங்கள் எல்லோருக்குமே விரதம்தான். மாதவிலக்கு நாட்களில் அம்மா தெருக்கோடியில் இருக்கும் அத்தை வீட்டில் போய்ப் படுத்துக்கொள்வார், அத்தை இங்கே வந்து சமைப்பார். 2018 செப்டம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தபோது, பத்து முதல் ஐம்பது வயதுப் பெண்கள் மலை ஏறலாமா என்று எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு வாரம் வாக்குவாதம் நடந்தது. அம்மா உள்ளேயிருந்து ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "பொம்பளைங்க மாலை போட்டா, அவங்களுக்கு யாருங்க சமைப்பா?"

மானுடவியலாளர் வாலன்டைன் டேனியல் தமிழ்நாட்டு கிராமத்துச் சாமிகளோடு சபரிமலைக்கு நடந்தவர். 1984இல் வெளிவந்த 'ஃப்ளூயிட் சைன்ஸ்' என்ற புத்தகத்தில் அதை எழுதியிருக்கிறார். கல்லும் முள்ளும் வலியும் சேர்ந்து, நடக்கிறவனுக்குத் 'தான்' என்பது எப்படிக் கரைகிறது என்பதுதான் அதில் என்னைப் பிடித்துக்கொண்ட பகுதி. படித்தபோது எனக்கு எங்கள் வீடு ஞாபகம் வந்தது. காட்டுக்குள் கால் வைப்பதற்கு 41 நாள் முன்னாடியே அந்தக் கரைதல் இங்கே தொடங்கிவிடுகிறது. அப்பாவின் விரதம் எங்கே முடிகிறது, அம்மாவுடையது எங்கே ஆரம்பிக்கிறது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

இது எனக்குத் தெளிவாகப் புரிந்தது ஒரு கார்த்திகையில். அப்பா மாலை போட்ட 23ஆம் நாள், பங்காளி முறையில் ஒருவர் இறந்துபோனார். வரப்புத் தகராறில் ஆறு வருஷமாக அப்பாவோடு பேச்சுவார்த்தை இல்லாதவர். பேச்சு இல்லாவிட்டாலும் பங்காளி பங்காளிதான். தீட்டு வந்துவிட்டது. மாலையைக் கழற்ற வேண்டும்.

அப்பா குருசாமியிடம் கணக்குப் போட்டுக் காட்டினார். கருமாதி பதினாறாம் நாள், அதாவது விரதத்தின் 38ஆம் நாள். குழு கிளம்புவது 43ஆம் நாள். கருமாதி முடிந்து மறுபடி மாலை போட்டால் நடுவில் ஐந்து நாள் இருக்கிறது. பக்கத்துத் தெருக் குழுவில் மூன்று நாள் மாலை போட்டே போகிறார்கள், நம்மால் முடியாதா? குருசாமி அசையவில்லை. "அவங்க கணக்கு அவங்களுக்கு சாமி. நம்ம குழுவுல ஒரு மண்டலம்னா ஒரு மண்டலம். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

செருப்பு, குளியல், முட்டை என்று எல்லாவற்றிலும் வளைந்துகொடுத்த மனிதர் இதில் மட்டும் ஏன் இப்படி நின்றார் என்று ரொம்ப நாள் யோசித்தேன். அவர் தளர்த்திய விதிகள் எல்லாம் அப்பாவின் உடம்போடு முடிகிறவை. கால் சுட்டால் அப்பாவுக்குத்தான் சுடும், நேரம் தப்பிக் குளித்தால் அப்பா குளியல்தான் தப்புகிறது. உடம்பு படுகிற பாட்டுக்குத் தொழிலையும் வயசையும் பார்த்துச் சலுகை கொடுக்கலாம். தீட்டு அப்படி இல்லை. நீ இன்னாருடைய பங்காளி என்று ஊர் உனக்குச் சொல்வது அது. விரதம் இருக்கிறவன் பொண்டாட்டி பிள்ளையை விட்டு விலகித் தூங்கலாம், ஆனால் செத்துப்போன பங்காளியை உறவில்லை என்று சொல்லிவிட்டு மலைக்குப் போக முடியாது. ஆறு வருஷம் பேசாத அப்பா, மாலையைக் கழற்றிக் குருசாமியிடம் கொடுத்துவிட்டு, அந்த வீட்டு வாசலில் போய் நின்றார்.

அன்றைக்கு ராத்திரியே அப்பாவுக்கு விரதம் முடிந்தது. கட்டிலில் படுத்தார், மறுநாள் சவரம் செய்துகொண்டார். பூஜை அறை மட்டும் கருமாதி வரைக்கும் சாத்திக் கிடந்தது. ஆனால் அம்மா நாலரை மணிக்கு எழுந்து குளிப்பதை நிறுத்தவில்லை. பாத்திரங்கள் பரணுக்குப் போகவில்லை, வீட்டில் கறியும் எடுக்கவில்லை. நாலைந்து நாள் பார்த்துவிட்டு நான் கேட்டேன், அதுதான் மாலையே கழட்டியாச்சே, இன்னும் எதுக்கும்மா என்று.

"அவருக்கு மாலை இருந்துச்சு, கழட்டிட்டாரு. எனக்கு எங்க கண்ணு இருந்துச்சு கழட்டறதுக்கு?"

41ஆம் நாள் வரைக்கும் அப்படியே இருந்தார். இன்னொரு காரியமும் பாக்கி இருந்தது. இருமுடியில் போகிற நெய்த்தேங்காய்க்கென்று ஐப்பசியிலிருந்தே வெண்ணெய் சேர்த்து உருக்கிய நெய் ஒரு தூக்குப்போசியில் இருந்தது. தேங்காயின் கண்ணைத் துளைத்துத் தண்ணீரை வடித்துவிட்டு, அதில் நெய்யை நிரப்பி அடைப்பார்கள். மலையில் அந்த நெய் அபிஷேகத்துக்குப் போகும், மூடியை ஆழிக்குண்டத்து நெருப்பில் போடுவார்கள். போக முடியாதவர்களுக்காக இன்னொரு சாமி கூடுதலாக ஒரு தேங்காய் சுமப்பது வழக்கம்தான். தீட்டு வந்த வீட்டு நெய் ஆகுமா என்பதுதான் கேள்வி. கருமாதி முடிந்த மறுநாள் அம்மாவே போய்க் குருசாமியிடம் கேட்டார். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நெய் தீட்டுக்கு முன்னாடி உருக்கினதுதானுங்களே அம்மா, கொண்டாங்க" என்றார்.

கட்டு நிறைக்கிற அன்று எங்கள் தெருக் கன்னிசாமி ஒருவனின் இருமுடியில் இரண்டு நெய்த்தேங்காய் இருந்தது. குடும்பத்தார் மூன்று கைப்பிடி அரிசி போடும்போது, தன் பங்குக்கு அம்மாவும் போட்டார். அப்பா சவரம் செய்த முகத்தோடு தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். யார் பெயரில் அந்தத் தேங்காய் என்று குருசாமி கேட்டதற்கு, அம்மா அப்பாவின் பெயரைத்தான் சொன்னார்.