முதல் அடியில் நின்று பார்ப்பது

ஒரு நாணயத்தைச் சுண்டிக்கொண்டே இருக்கிறோம். தலை, தலை என்று அடுத்தடுத்து இரண்டு விழும்வரை சராசரியாக எத்தனை முறை சுண்ட வேண்டும்? தலை விழுந்து உடனே பூ விழ வேண்டும் என்றால் எத்தனை முறை? நிகழ்தகவு வகுப்பை நான் தொடங்குவது இந்த இரண்டு கேள்விகளோடுதான். இரண்டுக்கும் ஒரே விடை என்றே பெரும்பாலும் பதில் வரும். எந்த இரண்டு சுண்டல்களை எடுத்தாலும் தலை-தலை விழ வாய்ப்பு 1/4, தலை-பூ விழவும் 1/4. அப்படியிருக்க வேறுபாடு எங்கிருந்து வரும் என்பது மாணவர்களின் வாதம்.

முழு ஆட்டத்தையும் மனத்தில் ஓட்டிப் பார்த்தால் இதற்கு விடை கிடைக்காது. நீளமான வரிசைகள் கிளைத்துக்கொண்டே போகும். முதலடிப் பகுப்பாய்வில் ஒரே ஒரு அடி வைத்துவிட்டு நிற்கிறோம். இப்போது எந்த நிலையில் இருக்கிறோம், அங்கிருந்து இன்னும் எவ்வளவு தூரம் என்று மட்டும் கேட்கிறோம். மார்க்கோவ் சங்கிலியில் வந்த வழி கணக்கில் இல்லை. நிற்கும் நிலை ஒன்றே போதும்.

ஆகவே முதல் வேலை, எதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும் என்று தீர்மானிப்பது. இங்கே இரண்டே நிலைகள்: கையில் ஒன்றும் இல்லாத நிலை, கடைசியாகத் தலை விழுந்திருக்கும் நிலை. முதல் நிலையிலிருந்து சராசரிக் காத்திருப்பு x, இரண்டாவதிலிருந்து y என்போம். தலை-தலைக்கு:

```
x = 1 + ½y + ½x
y = 1 + ½·0 + ½x
```

அந்த 1 என்பது இப்போது சுண்டிய சுண்டல். பூ விழுந்தால் பழைய இடத்துக்கே திரும்புகிறோம். முதல் சமன்பாடு x = y + 2 என்று சுருங்கும். அதை இரண்டாவதில் வைத்தால் y = 4, x = 6.

தலை-பூவுக்கு முதல் சமன்பாடு அப்படியே இருக்கிறது. இரண்டாவதுதான் மாறுகிறது. கையில் தலை இருக்கும்போது இன்னொரு தலை விழுந்தால் நாம் எதையும் இழக்கவில்லை. அந்தப் புதுத் தலையும் பயன்படும். எனவே y = 1 + ½y, அதாவது y = 2, x = 4. ஒன்றுக்கு 6, மற்றொன்றுக்கு 4. தவறினால் எங்கே போய் விழுகிறோம் என்பதில்தான் வேறுபாடு முழுவதும் இருக்கிறது.

மாணவர்களின் 1/4 வாதம் என்ன ஆயிற்று? அதுவும் சரிதான், அதை நம் சமன்பாடுகளே காட்டுகின்றன. தலை-தலை ஒருமுறை விழுந்து முடிந்த கணத்தில் கையில் ஒரு தலை இருக்கிறது. அங்கிருந்து அடுத்த தலை-தலைக்கு y, அதாவது 4. தலை-பூ விழுந்து முடிந்தால் கையில் ஒன்றும் இல்லை. அங்கிருந்து அடுத்ததற்கு x, அதுவும் 4. நான்கு இடத்துக்கு ஒன்று என்ற கணக்கு இரண்டிலும் பிசகவில்லை. ஆனால் தலை-தலை கொத்துக்கொத்தாக வருகிறது. மூன்று தலை சேர்ந்து விழுந்தால் அதிலேயே இரண்டு முறை வந்துவிடும். கொத்துகளுக்கு இடையே வெற்றிடம் நீளமாக இருப்பதால், வெறுங்கையோடு தொடங்குபவர் கூடுதலாகக் காத்திருக்கிறார். விடை கிடைத்ததும் அதே எண்களை இப்படி வேறொரு வழியில் சரிபார்ப்பதை நான் ஒருபோதும் விடுவதில்லை.

சராசரிக் காத்திருப்பும் முந்தும் நிகழ்தகவும் ஒன்றல்ல. தலை-தலையையும் தலை-பூவையும் போட்டிக்கு விட்டால் முதல் தலை விழுந்ததற்கு அடுத்த சுண்டலே தீர்ப்பு, ஆளுக்குப் பாதி. ஆனால் தலை-தலையைப் பூ-தலையோடு மோதவிட்டால், ஒரு பூ விழுந்த கணமே தலை-தலை தோற்றுவிடும். பூவுக்குப் பிறகு வரும் முதல் தலை பூ-தலையை முடித்துவிடுகிறதே! தலை-தலை வெல்ல முதல் இரண்டும் தலையாக இருக்க வேண்டும், வாய்ப்பு 1/4. வால்டர் பென்னி 1969-இல் முன்வைத்த ஆட்டம் இந்த வகைப் போட்டிதான். அதில் மூன்று மூன்று சுண்டல்களாகத் தேர்வு செய்வார்கள்.

இதுவரை நிலைகள் சில மட்டுமே, ஆட்டம் முடிவதும் உறுதி. நிலைகளுக்கு முடிவில்லை என்றால் நிறையவே கவனம் வேண்டும். கையில் ஒரு ரூபாயோடு ஒருவர் ஆடுகிறார். ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒரு ரூபாய் கிடைக்க 2/3, போக 1/3. எதிராளியின் பணம் தீரவே தீராது. நம் ஆள் என்றாவது ஓட்டாண்டியாகும் நிகழ்தகவு h என்ன? இரண்டு ரூபாயிலிருந்து சுழியத்துக்கு இறங்க ஒரு ரூபாய் இறக்கம் இரண்டு முறை நிகழ வேண்டும், ஆகவே அது h². முதல் அடியைப் பிரித்தால்:

```
h = 1/3 + (2/3)h²
```

இதற்குத் தீர்வு இரண்டு: h = 1, h = ½. இரண்டுமே 0-க்கும் 1-க்கும் இடையில் அழகாக உட்கார்ந்திருக்கின்றன. எது உண்மை என்று இந்தச் சமன்பாடு சொல்லாது.

அதைச் சொல்வது வேறொரு வாதம். i ரூபாயோடு தொடங்கி n ஆட்டங்களுக்குள் ஓட்டாண்டியாகும் நிகழ்தகவை எடுத்துக்கொள்வோம். n = 0 எனும்போது, கையில் பணம் இருப்பவருக்கு அது சுழியம். n ஒன்று கூடும்போது அதே முதலடி விதியால் மதிப்பு மேலே ஏறுகிறது. i ரூபாய்க்கு (½)^i என்பதும் அந்த விதிக்கு ஒத்துவரும் தீர்வு; தொடக்கத்தில் அது சுழியத்துக்கு மேலேயே நிற்கிறது. கீழே உள்ளதும் மேலே உள்ளதும் ஒரே விதிப்படி நகர்வதால், கீழே உள்ளது எந்த அடியிலும் மேலே உள்ளதைத் தாண்டாது. ஆகவே உண்மை ½-ஐத் தாண்ட முடியாது; h = ½. எந்தச் சங்கிலிக்கும் இதே வாதம் பொருந்தும்: எதிர்க்குறி இல்லாத தீர்வுகளில் மிகச் சிறியதே இலக்கை அடையும் நிகழ்தகவு.

இதே ஆளுக்குச் சராசரியாக எத்தனை ஆட்டத்தில் பணம் தீரும் என்று கேட்டால் பிழை வெளிப்படையாகவே தெரியும். ஒரு ரூபாயிலிருந்து k என்றால் இரண்டிலிருந்து 2k. எனவே k = 1 + (2/3)·2k, அதாவது k = −3. காத்திருக்கும் நேரம் எப்படி எதிர்க்குறியாகும்? பாதி வாய்ப்பில் பணம் தீரவே தீராது என்பதால் உண்மையான சராசரி முடிவிலி. அது ஓர் எண் என்று எடுத்துக்கொண்டு இருபக்கமும் கழித்ததுதான் கோளாறு. நாணயக் கணக்கில் அப்படிக் கழித்தது தப்பில்லை. அங்கே எந்த நிலையிலிருந்தும் இரண்டு சுண்டலில் இலக்கை எட்ட குறைந்தது 1/4 வாய்ப்பு இருப்பதால், சராசரி முடிவுறும் என்பது முன்பே உறுதி.

வாய்ப்பைப் பாதிக்குப் பாதி ஆக்கினால் இன்னொன்று நடக்கிறது. எதிராளியின் பணத்துக்கும் ஓர் எல்லை வைப்போம்: இருவர் பணமும் சேர்ந்து N ரூபாய், நம் ஆளிடம் i ரூபாய். யாராவது ஒருவர் கை வறளும்வரை சராசரி ஆட்டங்கள் i(N−i). முதலடிச் சமன்பாட்டில் வைத்துப் பார்த்தாலே பொருந்தும். ஒரு ரூபாய்க்காரருக்கு அது N−1. N பெருகப் பெருக அவர் தோற்கும் நிகழ்தகவு, 1 − 1/N, ஒன்றை நெருங்குகிறது. சராசரியோ முடிவில்லாமல் ஏறுகிறது. N = 1000 என்றால் சராசரி 999 ஆட்டங்கள். ஆனால் இப்படி ஒரு ரூபாயோடு தொடங்குபவர்களில் பாதிப் பேர் முதல் ஆட்டத்திலேயே எழுந்து போய்விடுகிறார்கள். இன்னும் எட்டில் ஒரு பங்கினர் மூன்றாவதில். அந்த 999-ஐ உண்டாக்குவது நெடுநேரம் உட்கார்ந்திருக்கும் சிலரே.