சடை நிற்கும் நேரம்

வடபழனியில் தையற்கடைகளும் அச்சுக்கூடங்களும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் ஒரு தெருவில், இரண்டாம் மாடியில், கார்ட்டூன் படங்களுக்குத் தாள் தாளாகச் சித்திரம் வரைந்து கொடுக்கும் கூடம் ஒன்று இருக்கிறதென்று நண்பர் சொன்னபோது, இந்தக் காலத்திலும் பென்சில் பிடித்து வரைகிறவர்கள் இருக்கிறார்களா என்ற சந்தேகத்தோடுதான் படியேறினேன். இருந்தார்கள். அடியில் விளக்கெரியும் சாய்ந்த கண்ணாடிப் பலகைகளின் முன்னால் ஆறு பேர் குனிந்திருந்தார்கள். பலகையின் விளிம்பிலுள்ள மூன்று முளைகளில் துளையிட்ட தாள்களை மாட்டி, இடது கைவிரல்களுக்கிடையே நாலைந்து தாள்களைச் செருகிக்கொண்டு சரசரவென்று முன்னும் பின்னும் புரட்டிப் பார்ப்பதும் ஓரிரு கோடு இழுப்பதும் மறுபடி புரட்டுவதுமாக இருந்தார்கள். அந்தச் சரசரப்பைத் தவிர வேறு சப்தமே அங்கே இல்லை.

நான் போன சமயத்தில் ஓர் இளம்பெண் வரைந்துகொண்டிருந்தது மிகச் சாதாரணமான ஒரு காட்சி. பட்டுப்பாவாடையும் இடைவரை தொங்கும் சடையும், சடை நுனியில் குஞ்சலமுமாக ஒரு சிறுமி ஓடி வருகிறாள். வாசற்படியருகே சட்டென்று நிற்கிறாள். அவ்வளவுதான். ஓட்டத்தை வரைவதுதான் கஷ்டம், நிற்பதில் என்ன இருக்கிறது என்று நினைத்திருந்த எனக்கு, நிற்பதிலேதான் எல்லாம் இருக்கிறதென்று அன்று தெரிந்தது.

கூடத்தின் தலைமைச் சித்திரக்காரர், தலை முழுதும் நரைத்த பெரியவர், அந்தப் பெண்ணின் முதல் சோதனையைக் கணினித் திரையில் ஓடவிட்டார். சிறுமி ஓடி வந்து நின்றாள். சடையும் பாவாடையும் அவளோடு அதே கணத்தில் நின்றுபோயின. பார்த்தவுடன், சிறுமி நின்றதாகத் தோன்றவில்லை, படமே அறுந்துபோய்விட்டதாகத் தோன்றியது. “பிள்ளை செத்துப்போச்சேம்மா,” என்றார் பெரியவர், கோபமில்லாமல்.

இந்தச் சாவுக்கு மருந்து கண்டது 1930களில் டிஸ்னி கூடம். அங்கே வேலை செய்த பிராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் தங்கள் தொழிலின் சூட்சுமங்களைப் பன்னிரண்டாக வகுத்து 1981-இல் புத்தகமாக எழுதியபோது, ஃபாலோ த்ரூ, ஓவர்லாப் என்ற இரண்டையும் பிரிக்க முடியாதவையென்று கருதி ஒரே விதியாகச் சேர்த்து வைத்தார்கள். உடல் நின்ற பிறகும், அதோடு ஒட்டிக்கொண்டிருக்கும் முடியும் துணியும் தம் வேகம் தீரும்வரை போய்க்கொண்டிருப்பது முதலாவது. எல்லா அங்கங்களும் ஒரே சமயத்தில் புறப்படாமலும் ஒரே சமயத்தில் ஓயாமலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வருவது இரண்டாவது. ஆனால் இந்த விளக்கத்தை மனப்பாடம் செய்துகொண்டு வருகிறவன் சடையை ஆட்டிவிட்டுத் தப்பித்துக்கொள்ளப் பார்ப்பான் என்பது பெரியவரின் அபிப்பிராயம். ஆட்டம் பெரிதல்ல, எது எப்போது நிற்கிறது என்பதைப் பிரித்து வைப்பதுதான் தொழில் என்றார் அவர்.

பிறகு ஒரு பழைய தாளைத் திருப்பிப் போட்டு அவர் கணக்கு எழுதியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒரு நொடிக்கு 24 ஃப்ரேம். ஒவ்வொரு சித்திரமும் இரண்டு ஃப்ரேம் நிற்கும். சிறுமியின் உடல் 13-ஆவது ஃப்ரேமில் நிற்கிறது. சடையின் வேர் பிடரியில் கட்டுண்டது. ஆகையால் அதுவும் 13-லேயே நின்றுவிட வேண்டும். சடையின் நடுப்பகுதிக்கோ அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. அது முன்னே வந்து 17-இல் முதுகில் மோதுகிறது. குஞ்சலம் கட்டிய நுனிக்குச் செய்தி கடைசியாகத்தான் போகிறது. அது இடுப்பைச் சுற்றிக்கொண்டு 21-இல் முன்பக்கம் எட்டிப் பார்க்கிறது. இங்கேதான் நுட்பம்: நுனி தன் எல்லையைத் தொடும் அந்த 21-ஆவது ஃப்ரேமின் சித்திரத்தில் நடுப்பகுதி ஏற்கெனவே பின்னோக்கித் திரும்பியிருக்க வேண்டும். மேலே ஒரு பக்கமும் கீழே எதிர்ப்பக்கமுமாகச் சடை வளைந்து நிற்கும் அந்த ஒரு தாள் இல்லையென்றால், மற்றத் தாள்கள் எவ்வளவு அழகாயிருந்தாலும் சடை பிரம்பாகிவிடும். அதன்பின் 29-இல் நுனி பின்னே போய், 37-இல் ஓய்கிறது. ஆட்டத்தின் அகலம் ஒவ்வொரு முறையும் குறைகிறதே தவிர, எட்டு ஃப்ரேம் என்ற காலம் குறையவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். ஊஞ்சலின் சுபாவம் அதுதான். காலத்தையும் சேர்த்துக் குறைத்தால் சடை ஆடாது, கம்பிச்சுருள் மாதிரி நடுங்கும்.

“நிஜச் சடை இவ்வளவு வேகமாகவா ஆடும்?” என்று கேட்டேன்.

“ஆடாது சார். அந்த நீளத்துக்கு ஒரு தடவை போய்வர ஒரு நொடிக்கு மேலேயே ஆகும். கதை அதுவரைக்கும் காத்திருக்காதே,” என்றார்.

பாவாடைக்குக் கணக்கு வேறு. துணி ஊஞ்சல் அல்ல, காற்றைச் சுமப்பது. சிறுமி நின்றதும் பின்துணி கால்களோடு ஒட்டிக்கொள்ள, முன்துணி குடையாக விரிந்து, பிறகு அடங்க வேண்டும். மெல்லிய வாயில் துணி என்றால் காற்றில் தயங்கித் தயங்கி இறங்கும். இதுவோ ஜரிகைக் கரை போட்ட பட்டு, கரையின் கனத்தால் ஒரே வீச்சில் விழுந்து, ஒரு சிறு மடிப்போடு நின்றுவிடும். வால் என்றால் இன்னொரு சங்கடம் என்று தாமே சொல்லிக்கொண்டார் பெரியவர். முடியும் துணியும் ஜடம். வாலுக்குத் தசை உண்டு. ஓடிவந்து நிற்கும் பூனையின் வால் முதலில் வேகத்தால் வீசும். அது அடங்கியபின் நுனி மட்டும் ஒருமுறை சுண்டினால், அந்தச் சுண்டல் பூனையின் எண்ணம். ஒன்றின் வீச்சையும் மற்றொன்றின் விருப்பத்தையும் கலந்துவிட்டால் பார்க்கிறவனுக்கு இரண்டுமே விளங்காது.

அந்தப் பெண் மாலைக்குள் இரண்டாம் சோதனையைக் கொண்டுவந்தாள். இம்முறை சடை நன்றாக ஓடியது. ஆனாலும் ஏதோ ஓரிடத்தில் கண் இடறியது. எனக்குக் காரணம் தெரியவில்லை. பெரியவர் ஒரு வெள்ளைத் தாளை மேலே மாட்டி, உடல் நின்றபின் வந்த பன்னிரண்டு சித்திரங்களிலும் குஞ்சலம் இருந்த இடத்துக்கு மட்டும் ஒவ்வொரு புள்ளி வைத்தார். புள்ளிகள் வளைகோடாகப் போய், திருப்பங்களில் நெருங்கியும் நடுவே விலகியும் ஒழுங்காக வந்தன. ஆறாவது புள்ளி மட்டும் கோட்டை விட்டு ஒரு விரற்கடை வெளியே குதித்திருந்தது. பிறகு பையிலிருந்து ஒரு தையல்நூலை எடுத்து, அந்தச் சித்திரத்துச் சடையின் வளைவின்மேல் வைத்து அளந்து, அதே நூலை முதற்சித்திரத்தில் வைத்துக் காட்டினார். வளைக்கும் மும்முரத்தில் சடை அரை விரல் வளர்ந்துவிட்டிருந்தது.

“அப்போ ஆறாவது மட்டும் போதுமா சார்?” என்று கேட்டாள் அவள்.

“ஐந்தையும் ஏழையும் பார்த்துக்கோம்மா, அதுவும் கொஞ்சம் இழுபட்டிருக்கும்,” என்றார் அவர்.

பார்த்தாள், இழுபட்டுத்தான் இருந்தது. மூன்று தாள்களையும் கழற்றி வைத்துவிட்டுப் புதுத் தாள் மாட்டினாள். அந்தக் காட்சி திரையில் ஓடும் நேரம் இரண்டு நொடி.