தேதி போடாத சான்றிதழ்

எம்.எஸ்.டபிள்யூ. முடித்துவிட்டுத் திருச்சி துவாக்குடிப் பக்கம் ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனியில் எச்.ஆர். டிரெய்னியாகச் சேர்ந்தேன். பெல் நிறுவனத்தை ஒட்டி வளர்ந்த பட்டறைகளில் ஒன்று. பாய்லருக்கான குழாய்களும் டக்ட்டுகளும் செய்து கொடுப்பார்கள். பயிற்சிப் பதிவேட்டை என்னிடம் ஒப்படைத்தபோது, அது ஒரு எக்செல் ஷீட் வேலை என்றுதான் நினைத்தேன். பெயர், சான்றிதழ், காலாவதி தேதி என மூன்று கட்டம். தேதி நெருங்கினால் மெயில் அனுப்ப வேண்டும், அவ்வளவுதானே?

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மேலாளர் முப்பது வருட அனுபவசாலி. இன்னமும் தன்னைப் ‘பர்சனல் ஆபீசர்’ என்றுதான் சொல்லிக்கொள்வார். முதல் நாளே ஒரு கட்டுச் சான்றிதழ்களை என் மேசையில் வைத்து, “இதுல எது எப்போ செத்துப்போகும்னு எழுதிக் கொண்டா பாப்போம்மா” என்றார்.

லாரி டிரைவர்களின் லைசென்ஸ் சுலபம். தேதி அதிலேயே அச்சாகியிருக்கும். கனரக வாகனத்துக்கு 2019 திருத்தத்துக்குப் பிறகு ஐந்து ஆண்டு. காலாவதியான பிறகும் முப்பது நாள் செல்லும் என்ற பழைய சலுகை அந்தத் திருத்தத்தோடு போய்விட்டது. பல டிரைவர்களுக்கு இது தெரியாது, ஆகவே நினைவூட்டலில் அதையும் ஒரு வரி சேர்த்தேன். எக்ஸ்ரே படம் பார்த்து வெல்டிங்கைச் சோதிக்கும் லெவல் டூ ஆட்களின் சான்றிதழும் ஐந்து ஆண்டுக்குத்தான். ஆனால் அவர்களுக்கு வருடா வருடம் கிட்டத்தில் பார்க்கும் திறனுக்கான கண் பரிசோதனை நடக்க வேண்டும். அந்தக் கண் டாக்டர் சீட்டு பழசாகிவிட்டால், ஐந்தாண்டுச் சான்றிதழில் தேதி மிச்சம் இருந்தும் அவர் கையெழுத்து செல்லாது. ஒருவருக்கு இரண்டு வரி போட வேண்டும் என்று அங்கே கற்றுக்கொண்டேன்.

கட்டின் அடியில் வெல்டர்களின் தாள்கள் இருந்தன. எப்படிப் புரட்டினாலும் காலாவதி தேதி கண்ணில் படவில்லை. எங்கள் வெளிநாட்டு ஆர்டர்கள் எல்லாம் ஏ.எஸ்.எம்.இ. செக்ஷன் நைன் விதிப்படி. நம்மூர் பாய்லர் விதிகளின் கீழ் வரும் வெல்டர் சான்றிதழ் தேதி போட்டே வரும். ஏ.எஸ்.எம்.இ. தாளில் தேர்வு நடந்த தேதி மட்டும்தான் இருக்கும். விதி சொல்வது இதுதான்: ஒரு வெல்டர் ஒரு முறையில் ஆறு மாதம் தொடர்ந்து வெல்டிங் செய்யாவிட்டால், அந்த முறைக்கான தகுதி போய்விடும். செய்துகொண்டே இருந்தால் எத்தனை வருடமானாலும் செல்லும். (கைத்திறனைச் சந்தேகப்படத் தனியாகக் காரணம் இருந்தால் தகுதியை ரத்து செய்யலாம்; அது வேறு கதை.) ஆக, காலாவதி தேதி தாளில் இல்லை, வெல்டரின் வேலையில் இருக்கிறது. ஒவ்வொரு ஜாயின்ட் போடும்போதும் அது அந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குத் தள்ளிப்போகிறது.

எங்கள் குழாய் வேலையில் ரூட்டை டிக் முறையில் போட்டு, மேலே ராடு வைத்து ஆர்க்கில் நிரப்புவார்கள். வெல்டர் தேர்வும் அப்படியே: 45 டிகிரி சாய்த்து வைத்த குழாயில், குழாயைத் திருப்பாமல், சுற்றிவந்து போட வேண்டும். ஷாப்பில் இதை 6ஜி என்பார்கள். ஒரே குழாய், ஒரே தாள். ஆனாலும் டிக்குக்கு ஒரு கடிகாரம், ஆர்க்குக்கு ஒரு கடிகாரம் தனித்தனியாக ஓடும். ஒன்று ஓடுவதால் மற்றது உயிர் பிழைக்காது.

இது எப்படி மாட்டிவிடும் என்பதை டபிள்யூ-17 என்ற முத்திரை எண்ணுள்ள அண்ணன் விஷயத்தில் பார்த்தேன். ஷாப்பிலேயே கை சுத்தமான ஆள். ஜனவரி 12இல் கடைசியாக ஒரு குழாய் ஜாயின்டுக்கு டிக்கில் ரூட் போட்டிருந்தார். அதன் பிறகு டக்ட் ஆர்டர் வந்தது. தினமும் தகடும் ஆங்கிளும்தான், எல்லாம் ஆர்க். தகட்டில் சாதாரண ஃபில்லெட் போட்டாலும் ஆர்க்குக்கான அவர் தகுதி முழுதும், குழாய் வேலை உட்பட, உயிரோடு இருக்கும். விதி கேட்பது அந்த முறையில் வெல்டிங் செய்தாரா என்பதை மட்டும்தான். டிக் கடிகாரம் ஜூலை 12ஐ நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. தினமும் வேலைக்கு வருகிறார், தினமும் வெல்டிங் செய்கிறார், யாருக்குத் தோன்றும்?

நினைவூட்டலை நான் வெல்டருக்கும் எச்.ஆருக்கும் போகும்படி வைத்திருந்த மாதிரியைப் பார்த்து மேலாளர் சிரித்தார். “அவருக்கு லெட்டர் போட்டு என்ன பண்ண? வேலையப் பிரிச்சுக் கொடுக்குறது ஃபோர்மேன். அவர்ட்ட போ.” லைசென்ஸ் என்றால் ஆளை ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு அனுப்பலாம். இங்கே மருந்து ஒரு ஜாயின்ட் வேலை. அதைக் கொடுக்கக்கூடியவர் கையில் செய்தி போய்ச் சேர வேண்டும், அதுவும் வேலை கிடைக்கும் அளவுக்கு அவகாசம் வைத்து. 45 நாள் முன்னதாக என்று வைத்தோம். டபிள்யூ-17க்கு அது மே 28. அந்த வாரம் குழாய் வேலை இல்லை. உற்பத்தி ஜாயின்டாகத்தான் இருக்க வேண்டும் என்று விதி சொல்லவில்லை என்பதால், குவாலிட்டி ஆள் பக்கத்தில் நிற்க, துண்டுக் குழாயில் டிக்கில் ஒரு ரூட் போட வைத்தார் ஃபோர்மேன். தேதி, முறை, முத்திரை எண், பார்த்தவர் கையெழுத்து எல்லாம் பதிவேட்டில் ஏறின. கஸ்டமர் ஒப்பந்தத்தில் இதைவிடக் கடுமையாக எழுதியிருந்தால் அதுதான் செல்லும், அதையும் பார்த்துக்கொண்டோம்.

தவறிப்போயிருந்தாலும் வானம் இடிந்து விழாது. ஒரே ஒரு சோதனைத் துண்டு, எந்தத் தடிமனிலும் எந்த நிலையிலும் போட்டுப் பாஸானால், அந்த முறையில் முன்பு இருந்த தகுதி முழுதும் திரும்பிவிடும். காலாவதியானது தெரியாமல் இடையில் போட்ட ஜாயின்டுகள்தான் தலைவலி. அவை குழாயோடு குழாயாக ஏறிப்போயிருக்கும். எவை என்று தேடி, கஸ்டமருக்கு எழுதிக் கேட்டு, சிலதை வெட்டி எடுக்கவும் நேரும்.

கணக்கை எக்செல் பார்த்துக்கொள்ளும். ஜாயின்ட் பதிவுகள் ஏறும் ஷீட்டின் பெயர் Log. அதில் முதல் பத்தியில் முத்திரை எண், அடுத்து முறை, அடுத்து தேதி. கடைசித் தேதியை எடுத்து ஆறு மாதம் கூட்டினால் போதும்:

```
=EDATE(MAXIFS(Log!C:C,Log!A:A,A2,Log!B:B,B2),6)
```

தேதி எழுத்தாகப் பதிவாகியிருந்தால் இந்தச் சூத்திரம் அதைக் கண்டுகொள்ளாது. ஒரு வெல்டரின் எல்லாத் தேதியுமே அப்படி இருந்தால் 1900ஆம் ஆண்டில் ஏதோ ஒரு தேதி வந்து நிற்கும், பார்த்தவுடன் தெரிந்துவிடும். நாளும் மாதமும் இடம் மாறுவதுதான் ஆபத்து. மார்ச் 7 என்பதை ஜூலை 3 என்று எக்செல் படித்தால் அவருக்குக் கிட்டத்தட்ட நான்கு மாதம் கூடுதல் ஆயுள் கிடைத்துவிடும். பதிவில் இன்றைக்குப் பிந்தைய தேதி ஏதாவது இருக்கிறதா என்று தினமும் ஒரு முறை வடிகட்டிப் பார்ப்பேன்.

அடுத்து ஸ்கில் மேட்ரிக்ஸ். ஷாப் சுவரில் பெரிய பலகை: பக்கவாட்டில் பெயர்கள், மேலே வேலைகள், கட்டத்துக்குள் நாலாகப் பிரித்த வட்டம். கால் வட்டம் நிரம்பினால் கற்றுக்கொள்கிறார். அரை என்றால் மேற்பார்வையில் செய்வார். முக்கால் என்றால் தனியாகச் செய்வார். முழுசு என்றால் சொல்லிக்கொடுக்கவும் செய்வார். வட்டத்தை நிரப்புவது ஃபோர்மேனும் குவாலிட்டியும் சேர்ந்து, எச்.ஆர். அதில் கை வைக்கக் கூடாது என்பது மேலாளர் கட்டளை. ஆனால் அந்த வட்டத்துக்குப் பக்கத்தில், அனுமதி உண்டா இல்லையா என்ற சின்னக் கட்டம் எங்கள் பொறுப்பு. இரண்டையும் ஒன்றாகக் கலக்கும் பலகைகளை அப்புறம் நிறையப் பார்த்திருக்கிறேன். அவற்றை நம்பி வேலை பிரிக்க முடியாது.

டபிள்யூ-17க்குக் குழாய் வேலையில் முழு வட்டம். அவர் தேர்வு எழுதியது இரண்டு அங்குலக் குழாயில், சுவர்த் தடிமன் 8.7 மி.மீ. அதில் டிக் 3 மி.மீ., மிச்சம் 5.7 மி.மீ. ஆர்க். விதிப்படி, போட்ட தடிமனைப் போல் இரண்டு மடங்கு வரை அனுமதி: டிக்கில் 6, ஆர்க்கில் 11.4. 12 மி.மீ. குழாய் வந்தால் டிக்கில் 3, ஆர்க்கில் 9, தாராளமாகப் போடலாம். 16 மி.மீ. குழாய் வந்தபோது ஆர்க்கில் 13 மி.மீ. நிரப்ப வேண்டியிருந்தது. ஷாப்பின் முதல் கைக்கு அந்த வேலையில் அனுமதி இல்லை. கோபம் வராமல் இருக்குமா? “என்னம்மா, இதவிடத் தடியெல்லாம் போட்டவன் நான்” என்றார். போட்டிருப்பார்தான், வேறு கம்பெனியில். அந்தத் தகுதி அந்தக் கம்பெனியோடு போயிற்று. ஆர்க்கிலேயே 13 மி.மீ.க்குக் குறையாமல், மூன்று அடுக்காவது வரும்படி போட்டுத் தேர்வு எழுதினால் தடிமனுக்கு வரம்பே இல்லை. தடித்த குழாயில் மறுதேர்வு வைத்தோம். அதன் பிறகு அந்தப் பேச்சு எழவில்லை.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஒரு பையன் நல்ல தேர்வுச் சான்றோடு இருந்தான்; வட்டம் அரையில் நின்றது. “பேப்பர் இருக்கு, கை இன்னும் வரல” என்று ஃபோர்மேன் அவனுக்கு ஸ்டீம் லைன் கொடுக்க மறுத்தார். பலகையில் இரண்டும் தனித்தனியாகத் தெரிந்ததால் யாரும் சண்டை போடவில்லை.

எச்.ஆர். ஆளால் மட்டும் செய்யக்கூடிய ஒன்று இதில் இருக்கிறது. தொடர்ச்சிப் பதிவேட்டை மாதக் கடைசியில் ஒரே பேனாவில், ஒரே மூச்சில் எழுதி நிரப்பும் பழக்கம் பல ஷாப்களில் உண்டு. குவாலிட்டி ஆட்கள் எக்ஸ்ரே ரிப்போர்ட்டோடு ஒப்பிடுவார்கள். எக்ஸ்ரே எடுக்காத ஜாயின்டுகளில் அது உதவாது. வருகைப் பதிவேடு நம்மிடம்தானே இருக்கிறது? வெல்டர் ஊர்த் திருவிழாவுக்கு லீவில் போன நாளில் அவர் பெயரில் ஜாயின்ட் ஏறியிருந்தால், அந்தப் பக்கம் முழுவதையும் சந்தேகிக்க வேண்டியதுதான். நினைவூட்டல் அந்தத் தேதியை வைத்துத்தான் ஓடுகிறது. தேதி பொய்யானால் அலாரம் ஒழுங்காக வேலை செய்துகொண்டே ஏமாற்றும்.

உங்கள் ஆலையிலும் இப்படி ஒரு பதிவேடு இருந்தால், ஒரு மாதத்தை மட்டும் எடுத்து வருகைப் பதிவேட்டின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆடிட்டர் வருவதற்கு முன் பார்த்தால் நல்லது.