ஆறு சாரியில் ஒரு மேடை

நற்பிட்டிமுனையில் இப்போது விழா என்றால் கல்முனைக்கு ஒரு போன் போதும். மாலைக்குள் பெனர் அச்சாகி வந்துவிடும். நான் நினைத்துக்கொண்டிருப்பது அதற்கு முந்திய காலத்தை. மீலாத் விழாவுக்கும் குர்ஆன் மத்ரஸாப் பரிசளிப்புக்கும் பொது மண்டபத்து மேடையை நாங்களே கட்டிய காலம் அது. கையில் இருக்கும் காசு ஒலிபெருக்கிக்கும் பிளேன்ரீக்குமே சரியாகிவிடும். மேடைக்கு மிஞ்சுவது சில்லறைதான்.

ஆகவே பின்திரை வீடுகளிலிருந்து வந்தது. மேடையின் அகலம் 15 அடி. துணியை இறுக்கி இழுத்துக் கட்டினால் சுவரின் காரைபெயர்ந்த இடமெல்லாம் தெரியும், மடிப்பு விழவேண்டும். மடிப்புக்கு அகலத்தில் பாதியைக் கூட்டிக்கொள்ள வேண்டும் என்பது எங்களில் மூத்த காக்காமார் சொல்லித்தந்த கணக்கு. அப்படிப் பார்த்தால் இருபத்திரண்டரை அடி. ஒரு சாரியின் அகலம் மூன்றே முக்கால் அடி. ஆறு சாரி வேண்டும். சாரியின் நீளம் ஏறக்குறைய 18 அடி என்பதால் கயிற்றின் மேல் நடுவாகப் போட்டால் முன்னும் பின்னும் ஒன்பதடி தொங்கும். இரட்டைத் துணியானதால் சுவர் தெரியாது, வெட்டவும் வேண்டாம், தைக்கவும் வேண்டாம்.

பட்டு இதற்கு உதவாது. வழுக்கும், மடிப்பு நில்லாது, விளக்கு வெளிச்சத்தில் மினுங்கிக் கண்ணைக் கூசவைக்கும். மருதமுனைக் கைத்தறிப் பருத்திச் சாரிதான் வைத்த மடிப்பில் நிற்கும். அதைக் கேட்டு வீடு வீடாகப் போவோம். "மனே, ஊசி மட்டும் குத்திராதீங்க" என்று சொல்லித்தான் சாச்சிமார் அலுமாரியைத் திறப்பார்கள். அந்தச் சொல்லைக் காப்பாற்ற, எழுத்துகளைச் சாரியில் குத்தமாட்டோம். கடையில் வாங்குவது ஐந்து யார் கரும்பச்சை லைனிங் துணி மட்டும். அதைச் சாரிகளுக்கு முன்னால் தனிக் கயிற்றில் பட்டியாகக் கட்டி, எழுத்துகளை அதில் பொருத்துவோம்.

எழுத்துக்கு றெஜிபோம். கல்முனைக் கடைகளில் டீவி, பிரிட்ஜ் பெட்டிக்குள் வந்து வெளியே போடும் துண்டுகளைக் கேட்டு வாங்கி வருவோம். கடதாசியில் எழுத்தை வரைந்து, மேலே வைத்துக் கீறி, மெழுகுதிரியில் சூடாக்கிய கத்தியால் அறுக்கவேண்டும். கத்தி ஆறினால் மணிமணியாக உதிரும். அதிகம் சூடானால் ஓரம் உருகி உள்வாங்கும். நிறம் பூசுவதென்றால் தண்ணீரில் கரையும் பெயின்ட்தான். அவசரத்துக்கு ஸ்பிரே அடித்த ஆண்டு, காலையில் வந்து பார்த்தால் எழுத்தின் முகமெல்லாம் அம்மைத்தழும்பு. அந்தப் பெயின்டில் இருக்கும் தின்னர் றெஜிபோமைத் தின்றுவிடும்.

60 அடி தள்ளிக் கடைசி வாங்கில் இருப்பவரும் வாசிக்கவேண்டும் என்பதால் உயரம் ஒன்பது அங்குலத்துக்குக் குறையாது. 'பரிசளிப்பு விழா' என்றால் எட்டெழுத்து. ஆனால் அறுக்கும்போது பத்துத் துண்டு, ஏனென்றால் 'ப்'பின் புள்ளியும் 'ழா'வின் காலும் தனித்தனியாக நிற்கும். அந்தப் புள்ளிதான் ஒவ்வொரு முறையும் தொலையும். எழுத்துகளை எண்ணி நடுவைப் பிடிக்கவும் முடியாது. 'ளி' அகலம், 'ர'வுக்கு இடம் கொஞ்சம். பாயில் எல்லாவற்றையும் அடுக்கி, முழு நீளத்தை அளந்து, பாதியைத் துணியின் நடுவோடு சேர்ப்போம். பிறகு சோக்குத்தூள் தடவிய நூலைப் பிடித்துச் சுண்டினால் நேர்கோடு விழும். துணியின் பின்புறமிருந்து எழுத்துக்கு இரண்டு குண்டூசி, ஒன்றுக்கொன்று எதிர்ச்சாய்வாக. நேராகக் குத்தினால் நழுவிவிடும்.

மேற்கே வயல்வெளி. கச்சான் காற்று ஜன்னலால் நேரே வந்து திரையைத் தூக்கும். ஒவ்வொரு சாரியின் இரண்டு தலைப்பையும் சேர்த்து ஒரு மூங்கில் கம்பில் சுற்றி உடுப்புக் கிளிப் மாட்டினால் அடங்கும். மேடை ஓரத்துக்குக் குருத்தோலைத் தோரணம். அந்தப் பின்னலில் ஊரின் தமிழ்ப் பக்கத்து நண்பர்களின் கை வேகம் எங்களுக்கு வராது. அவர்கள் வந்து பின்னித் தந்த நாட்களும் இருந்தன, வரமுடியாமற் போன ஆண்டுகளும் இருந்தன.

விழா அன்று பெண்கள் பக்கத்தில் மேடையைக் காட்டி மெல்லப் பேச்சு நடக்கும்: மூன்றாவது மடிப்பு என்னுடையது, அது ராத்தாவின் கலியாணத்துக்கு எடுத்தது. காசு கொடுக்க வழியில்லாத வீடும் ஒரு சாரி கொடுத்து விழாவில் பங்காளியானது. எனக்கு இன்று மிகவும் குறைவாகப் படுவது அதுதான்.

பெனரில் திகதியும் அதிதியின் படமும் அச்சாகிவிடுகின்றன. மறுநாள் அது ஆட்டுக் கொட்டிலுக்குக் கூரை. எங்கள் எழுத்துகள் உரச் சாக்கில் கட்டி மண்டபத்துப் பரணில் ஏறும். அடுத்த ஆண்டு 'விழா' அப்படியே இறங்கும், முன்னால் உள்ள சொல்லை மட்டும் புதிதாக அறுப்போம்.

மத்ரஸாப் பரிசளிப்புக்கு இந்த முறை பெனருக்குச் சொல்லுமுன், பிள்ளைகளிடம் ஒரு கத்தியும் மெழுகுதிரியும் கொடுத்து, பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்து பாருங்கள். சாரி கேட்டு வந்தால் எங்கள் வீட்டில் இரண்டு இருக்கின்றன.