கையெழுத்து மட்டும் தெரிந்தவள்

சென்னையில் ஒரு கல்லூரியின் எடிட்டிங் அறை. இரண்டு திரையிடல்களை முடித்த 14 நிமிடக் குறும்படம் யூடியூபில் ஏறக் காத்திருந்தது. படத்தை வெட்டி ஒட்டியதைவிட, அதைப் பற்றி நாலு வரி எழுதுவதுதான் பெரும்பாடு என்றார் படத்தொகுப்பாளரான மாணவர்.

படப்பிடிப்புக்கு முன் எழுதிய லாக்லைனை இயக்குநர் காட்டினார்: "வர்க்கத்துக்கும் தாய்மைக்கும் இடையே தவிக்கும் செல்வியின் உணர்வுப் பயணம்." இதை எந்தப் படத்தின் தலையிலும் கட்டலாம். செல்வி என்ற பெயரும் படம் பார்க்காதவருக்கு எதையும் சொல்வதில்லை. அவர் என்ன வேலை செய்கிறார் என்பது சொல்லும்.

"திரையிட்டப்ப வர்க்கம் பத்தி யாராச்சும் கேட்டாங்களா?" என்றேன்.

"இல்ல சார். ரெண்டு இடத்துலயும் ஒரே கேள்விதான். கடிதத்துல என்ன எழுதியிருந்துச்சுன்னு."

அப்படியானால் பார்வையாளர்களே லாக்லைனைச் சொல்லிவிட்டார்கள். யார், அவருக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது என்ற நான்கும் அந்தக் கேள்வியைச் சுற்றியே இருக்கின்றன. ஒரு மணி நேரம் அடித்துத் திருத்தி இப்படி வந்தது:

"படிக்கத் தெரியாத இஸ்திரிக்காரப் பெண், வாடிக்கையாளரின் சட்டைப்பையில் தன் மகளின் கையெழுத்தில் ஒரு கடிதத்தைப் பார்க்கிறாள். மாலையில் அவர் சட்டையை வாங்க வருவதற்குள், மகளுக்குத் தெரியாமல் அதில் இருப்பதை அறிய வேண்டும்."

படத்தொகுப்பாளரின் வடிவத்தில் கடைசிக் காட்சியும் இருந்தது. அதை அடித்தோம், இங்கேயும் சொல்லப்போவதில்லை.

அடுத்தது விவரக்குறிப்பு. யூடியூப் 5,000 எழுத்துகள் வரை இடம் தருகிறது. ஆனால் கைபேசியில் பார்ப்பவர் தட்டித் திறந்தால்தான் முழுதும் தெரியும். அதற்கு முன் தெரிவது தொடக்கத்தில் உள்ள சில சொற்கள்தான். இவர்களோ கல்லூரி முதல்வருக்கு நன்றியோடு ஆரம்பித்திருந்தார்கள். நன்றியைக் கீழே இறக்கி, லாக்லைனை மேலே ஏற்றினோம். பிறகு படத்தின் நீளம், மொழி, வசன வரிகள் உண்டா என்ற விவரம், கலைஞர்களின் பெயர்கள். இசையமைத்தவரின் பெயரோடு, இசையைப் பயன்படுத்த அவர் அனுமதி தந்த விவரமும் சேர்ந்தது.

திரையிடல் வரியில் ஒரு சிறு தகராறு. ஒரு திரையிடல் கல்லூரிக்குள்ளேயே நடந்தது. அதை 'விழாவில் தேர்வான படம்' என்று எழுத ஒருவருக்கு ஆசை. திரையிட்டதும் தேர்வானதும் வேறு வேறு. 'திரையிடப்பட்டது' என்றே எழுதினார்கள்.

பதிவேற்றும் பொத்தானை நெருங்கியபோது இயக்குநர் கை நின்றது. படத்தை இன்னொரு விழாவுக்கும் அனுப்பியிருந்தார்கள். இணையத்தில் பொதுவில் வந்த படங்களை ஏற்காத விழாக்கள் உண்டு. விதிகளை எடுத்துப் படித்தோம்; இந்த விழாவும் அந்த ரகம்.

படம் இப்போது Private நிலையில் கிடக்கிறது, விழாவின் பதிலுக்காக.