கணக்கோடு கேட்ட உதவி

உற்றார் ஒருவரின் நோய் தீர்க்கப் பொருள் வேண்டி, அறிந்தவர் பலருக்கும் விண்ணப்பம் எழுதும் நிலை எந்தக் குடும்பத்துக்கும் வரலாம். சென்ற ஆண்டு, 2025இல், அது எம் குடும்பத்துக்கு வந்தது. புத்தளம் மாவட்டத்துக் கடற்கரையூராகிய உடப்பில் வாழும் எம் தாய்மாமனுக்குச் சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்தன. நெடுநாளைய நீரிழிவே அதற்குக் காரணம். வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், இயந்திரத்தின் வழியே அவருடைய இரத்தத்தைச் சுத்திகரிக்க வேண்டியிருந்தது. மாற்றுச் சிறுநீரகம் பொருத்துவதே நல்ல வழி என்றார் வைத்திய நிபுணர். மாமாவின் இளைய சகோதரர் தமது சிறுநீரகம் ஒன்றைத் தர முன்வந்தார்.

அரசினர் வைத்தியசாலையில் சிகிச்சை இலவசந்தானே, பணம் எதற்கு என்று வாசகர்கள் கேட்கக்கூடும். கேட்க வேண்டிய கேள்விதான். சத்திரசிகிச்சைக்குக் கட்டணம் இல்லை என்பது உண்மை. ஆயினும் கொடுப்பவர், பெறுபவர் இருவரின் திசுக்களும் பொருந்துமா என்று பார்க்கும் பரிசோதனைகளிற் சிலவற்றை வெளியிற் செய்ய நேர்ந்தது. கொழும்பில் மூவர் தங்கி உண்ண வேண்டும். உழைப்பவர் படுக்கையிற் கிடக்கையில் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பொருத்திய சிறுநீரகத்தை உடல் அந்நியப் பொருளெனக் கருதித் தாக்காதிருக்க வாழ்நாள் முழுவதும் மருந்து உண்ண வேண்டும். வைத்தியசாலையில் அம்மருந்து கையிருப்பில் இல்லாத நாளில் கடையில் வாங்கத்தான் வேண்டும். சில நாள் தவறினும் பொருத்திய உறுப்புப் பழுதாகிவிடக்கூடும்.

மாமாவின் மகன் முதலில் ஒரு விண்ணப்பம் எழுதி வந்தான். இருபது இலட்சம் ரூபா தேவை என்று அதில் இருந்தது. எதற்கு எவ்வளவு என்பது இல்லை. குழாய்கள் செருகிய நிலையில் தந்தை படுத்திருக்கும் படமும் இருந்தது. சகோதரர் பொருந்தாவிடின் என்ன செய்வது என்ற அச்சத்தால், சிறுநீரகம் தருவோருக்குத் தக்க சன்மானம் வழங்கப்படும் என்றும் ஈற்றில் எழுதியிருந்தான்.

அந்த இறுதி வரியை முதலிலேயே நீக்கச் செய்தோம். மனித உறுப்பை விலைக்கு வாங்குவதையும் விற்பதையும் 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம் இந்நாட்டிற் தடை செய்கிறது. அவ்வரியோடு விண்ணப்பம் வெளிவந்திருந்தால் உதவிக்குப் பதில் வழக்கு வந்திருக்கும். உறுப்புத் தரகர்களும் வாயிலில் வந்து நின்றிருப்பர்.

படத்தை நீக்கச் சொன்னவர் மாமாவே. “மருமகன், நான் நாற்பது வருடம் கரைவலை இழுத்தவன். இந்தக் கோலத்தில் என்னை ஊருக்குக் காட்ட வேண்டாம். என்ன வேண்டும், என்ன இருக்கிறது என்று மட்டும் எழுதுங்கோ. தருகிறவர் தரட்டும்” என்றார்.

அவர் சொன்னதிலேயே விண்ணப்பத்தின் வடிவம் அடங்கியிருந்தது. உடப்புக் கரையில் வலை ஏறியதும் எல்லாருடைய கண்ணெதிரே மீனுக்கு விலை பேசிப் பங்கு பிரிப்பார்கள். எவரும் எவரிடமும் இரந்து நிற்பதில்லை. கணக்கு வெளியில் இருப்பதே அதற்குக் காரணம். நாமும் அவ்வாறே எழுதினோம். பரிசோதனைகளுக்கு ரூபா 160,000. மூன்று மாதப் பயணமும் தங்குமிடமும் உணவும் 210,000. மாமாவின் வீட்டுச் செலவு 180,000. ஆறு மாதத்துக்கு மருந்துக்கான சேமிப்பு 210,000. ஆக மொத்தம் 760,000. மாமியின் நகைகளை விற்றதும் உறவினர் தந்ததுமாகக் கையில் இருந்தது 310,000. வேண்டியது 450,000. கொடுப்பவராகிய சகோதரரோ, தம் வீட்டுக்கென ஒரு சதமும் எழுதக்கூடாது என்று மறுத்துவிட்டார்.

ஜனாதிபதி நிதியத்துக்கும் விண்ணப்பித்தோம். 1978ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த அந்நிதியத்துக்குக் கொழும்பு சென்றே விண்ணப்பிக்க வேண்டியிருந்த நிலை மாறி, 2025 முதல் பிரதேச செயலகத்திலேயே கையளிக்க முடிகிறது. உடப்பு மக்களுக்கு அது முந்தல் செயலகம். அங்கிருந்து எவ்வளவு வரும், எப்போது வரும் என்று தெரியாமையால் அதனைக் கணக்கிற் சேர்க்கவில்லை. விண்ணப்பித்திருக்கிறோம், கிடைப்பின் அறிவிப்போம் என்று ஒரு வரி எழுதினோம். மறைத்திருந்தால், பின்னர் அதனை அறிகின்றவர் மற்றக் கணக்கையும் ஐயுறுவர்.

அடுத்தது வங்கிக் கணக்கு. எம் பெயரிலேயே பணம் சேர்க்கலாம் என்றனர் சிலர். ஆசிரியரின் சம்பளமும் நோயாளியின் பணமும் ஒரே ஏட்டிற் கலந்தால், எது எவருடையது என்று எவராலும் காட்ட முடியாது. நோயாளியின் பெயரில் மட்டும் திறப்பதும் தக்கதன்று. அவருக்கு ஏதேனும் நேர்ந்தால் கணக்கு முடங்கி, குடும்பம் நீதிமன்றப் படியேற நேரும். ஆகவே, கணவன் மனைவி இருவர் பெயரிலும், எவரேனும் ஒருவர் ஒப்பமிட்டுப் பணம் எடுக்கத்தக்கதாகப் புதிய சேமிப்புக் கணக்கொன்றைத் திறந்தோம்.

விண்ணப்பத்தில் கணக்காளர் பெயர், வங்கி, கிளை, இலக்கம் ஆகியவற்றை எழுதினோம். இலக்கத்தை எண்ணாலும் எழுத்தாலும் எழுதினோம். நல்ல விண்ணப்பத்தைப் பிரதி செய்து இலக்கத்தை மட்டும் மாற்றிப் பரப்புவோர் உளர். எழுத்தாலும் எழுதினால் அந்த மாற்றம் எளிதிற் கண்ணிற் படும். வேறு எந்த இலக்கத்திலும் யாம் பணம் சேர்க்கவில்லை என்றும் குறித்தோம். நிபுணரின் திகதியிட்ட கடிதமும், பிரதேச செயலாளர் மேலொப்பமிட்ட கிராம உத்தியோகத்தர் சான்றிதழும் இணைக்கப்பட்டன. பிறருடைய விண்ணப்பம் உங்கள் கைக்கு வரும்போதும் இவற்றையே பாருங்கள். நோயாளியின் பெயரும் கணக்காளர் பெயரும் தொடர்பற்றிருந்தாலோ, வைத்தியரின் கடிதத்தில் திகதி இல்லாதிருந்தாலோ, விசாரித்த பின்பே பணம் அனுப்புவது நன்று.

எம் கல்லூரிப் பழைய மாணவர்களுக்கும் ஊரவர்க்கும் அதனை அனுப்பினோம். “இயன்றவர் இயன்றதைத் தரலாம், இயலாதவர் விளக்கம் கூற வேண்டியதில்லை” என்பது அதன் இறுதி வாக்கியம். வறுமையுற்ற மாணவன் ஒருவன் எம்மைக் கண்டு முகந்திருப்பிச் செல்லும் நிலை வரலாகாது என்பதற்காகவே அதனைச் சேர்த்தோம்.

பத்தொன்பதாம் நாளில் 450,000 நிரம்பியது. அன்றே “போதும், இனி அனுப்ப வேண்டாம்” என்று அறிவித்தோம். அதற்குள் மேலும் 38,000 வந்திருந்தது. பின்னர் அனுப்பியவர்களைக் கேட்டு, அவர்தம் இசைவோடு அதே நோயால் வருந்தும் வேறொருவருக்கு அத்தொகையைச் சேர்ப்பித்தோம். நன்றிக் கடிதத்தில் எவர் எவ்வளவு தந்தார் என்ற பட்டியல் இல்லை. நூறு ரூபா தந்தவர் ஐம்பதாயிரம் தந்தவருக்குக் கீழே தம் பெயரைக் காண நேர்ந்தால், அது நன்றியாகாது. வந்த மொத்தம், செலவான மொத்தம், பற்றுச்சீட்டுகளின் பிரதிகள் ஆகியவற்றோடு ஒவ்வொருவருக்கும் ஒரே வாசகத்தை அனுப்பினோம். கணக்கு பின்னர் மூடப்பட்டது.

மாமாவும் அவருடைய சகோதரரும் நலமாக உள்ளனர். மருந்துச் சேமிப்பு முடிந்துவிட்டது. மாதந்தோறும் அரசினர் கிளினிக்கில் மருந்து பெறுகிறார். அங்கே இல்லாத மாதம் குடும்பமே வாங்குகிறது. ஒரு விண்ணப்பத்தால் வாழ்நாள் முழுவதற்கும் மருந்து வாங்கித் தர இயலாது. அதனாலேதான் ஆறு மாதத்துக்கு மட்டும் கேட்டோம். அந்த ஆறு மாதத்துக்குள் மாமாவின் மகன் வேலையொன்றில் அமர்ந்தான். இப்பொழுது மருந்து வாங்குபவன் அவனே.