நூறு கிராம் மிளகின் உண்மை விலை

மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குப் போகும் ஏ9 வீதியில் நாலந்தாவை நெருங்க நெருங்க வாசனைத் திரவியத் தோட்டங்களின் பெயர்ப்பலகைகள் இருபுறமும் வரிசையாக வரும். உள்ளே போனால் எல்லாவற்றிலும் ஒரே ஒழுங்குதான். வழிகாட்டி ஒருவர் மிளகுக்கொடி, ஏலம், கறுவா, வனிலா, கொக்கோ என்று காட்டிக்கொண்டு வருவார். பிறகு மூலிகை எண்ணெய் தடவிக் காட்டுவார். கடைசியில் விற்பனை அறைக்கு அழைத்துப் போவார். ஒரே வீதியில் போட்டியிடுபவர்கள் ஏன் ஒருவரையொருவர் அச்செடுத்ததுபோல் ஆகிவிடுகிறார்கள் என்பதை ஹரோல்ட் ஹோட்டெலிங் என்ற பொருளியலாளர் 1929இல் ஒரு கட்டுரையில் விளக்கினார். வாடிக்கையாளரை இழக்காமலிருக்க ஒவ்வொருவரும் நடுப்பகுதியை நோக்கி நகர்கிறார்கள், அதனால் ஓரத்தில் நிற்பவர்களுக்குப் பொருத்தமான கடை இல்லாமல் போகிறது என்பது அவர் வாதம். நாலந்தா வீதியில் ஓரத்தில் நிற்பவர் யார் என்று பார்க்கத்தான் நான் போயிருந்தேன்.

என்னோடு வந்தவர், மாத்தளையில் ஒரு மிளகுக் களஞ்சியத்தில் பல வருடங்களாகப் புடைக்கிற வேலை செய்யும் அக்கா. நாலந்தா கெடிகே பக்கம் பிரியும் சந்தியில் சின்னதாக ஒரு மிளகுக் கடை போட அவர் யோசித்துக்கொண்டிருந்தார். போவத்தென்ன நீர்த்தேக்கத்தில் மூழ்காமலிருக்கக் கல் கல்லாகக் கழற்றி மேட்டில் மறுபடி எழுப்பிய அந்தப் பழைய கோயிலைப் பார்க்கப் பள்ளிக்கூடச் சுற்றுலாக்களும் உள்ளூர்க் குடும்பங்களும் வருகின்றன. “மற்றக் கடைக்காரரை விடப் பத்து ரூபா குறைச்சுப் போட்டா ஓடும்தானே தம்பி?” என்று கேட்டார். அதற்கு முன்னால் அவர்கள் எதை என்ன விலைக்கு விற்கிறார்கள் என்று பார்ப்போம் என்றேன்.

ஒரே நாளில் மூன்று இடங்களில் நூறு கிராம் கறுப்பு மிளகு வாங்கினோம். பெரிய தோட்டம் ஒன்றில் கண்ணாடிப் போத்தல், வீதியோரக் கடையில் பொலித்தீன் பை, பலசரக்குக் கடையில் சாக்கிலிருந்து அள்ளிக் கொடுத்த சில்லறை மிளகு. மிளகு விலை நாளுக்கு நாள் மாறுவதால் ரூபாவை எழுதவில்லை. அன்று மாத்தளையில் வியாபாரிகள் விவசாயியிடம் வாங்கிய விலையை 100 என்று வைத்து, மற்றதையெல்லாம் அதோடு ஒப்பிட்டு எழுதினோம். இப்படி எழுதினால் அடுத்த அறுவடைக்குப் பிறகும் அந்தக் குறிப்பு பயன்படும். தோட்டத்து விலை 310, வீதியோரக் கடை 140, பலசரக்குக் கடை 120. இவ்வளவோடு நிறுத்தியிருந்தால் அக்கா 110க்கு விற்கப் புறப்பட்டிருப்பார்.

வீட்டுக்கு வந்து தராசில் வைத்தோம். பொலித்தீன் பையில் நூறு கிராம் என்று அச்சிட்டிருந்தது, உள்ளே இருந்தது 92 கிராம். மற்ற இரண்டும் எடை சரி. அடுத்து அக்கா சுளகை எடுத்தார். மிளகை ஒரு பக்கமாகச் சரித்து, மணிக்கட்டை மட்டும் அசைத்து இரண்டு முறை தட்டினார். கனமான மணிகள் அவர் மார்புப் பக்கம் ஒதுங்கின, தூசும் காம்பும் சொத்தை மிளகும் விளிம்புக்கு வந்தன. விரலால் ஒரு மணியை நசுக்கிக் காட்டினார். பொடிந்து போனது, உள்ளே ஒன்றுமில்லை. முற்றுவதற்கு முன்னால் பறித்த மிளகு காயும்போது இப்படித்தான் உள்ளே வெறுமையாகும். அரைத்தால் உமிபோல் வரும். நன்றாக முற்றிய மிளகு தண்ணீரில் அமிழும், சொத்தை மிதக்கும். கலப்படம் செய்த பப்பாளி விதையும் மிதக்கும், கடித்தால் மிளகுக் காரமே இருக்காது. வியாபாரிகள் இதையே லீற்றர் எடையாகச் சொல்வார்கள். ஒரு லீற்றர் அளவையில் தட்டாமல் நிரப்பிய மிளகு 550 கிராம் நின்றால் நல்ல சரக்கு. வீட்டில் 100 மில்லிலீற்றர் கோப்பை போதும், 55 கிராம் நிற்க வேண்டும்.

புடைத்து மிஞ்சிய நல்ல மிளகை மறுபடி நிறுத்தோம். தோட்டத்துப் போத்தலில் 97 கிராம், பொலித்தீன் பையில் 74, சில்லறை மிளகில் 66. இப்போது விலையை நல்ல மிளகுக்குப் பிரித்தால் கணக்கே மாறுகிறது. 140க்கு வாங்கிய 74 கிராமில் நூறு கிராமின் விலை 189. 120க்கு வாங்கிய 66 கிராமில் அது 182. மலிவு என்று நினைத்த இரண்டு கடைகளும் நல்ல மிளகுக்கு ஏறக்குறைய ஒரே விலையைத்தான் வாங்குகின்றன. தோட்டத்தில் அது 320. அங்கே சரக்கு நல்லது, ஆனால் வேன் சாரதிக்கும் வழிகாட்டிக்கும் போகும் பங்கும் அந்த விலைக்குள் இருக்கிறது. 320க்குக் கீழே, புடைத்துச் சுத்தமான மிளகு அந்த மூன்று கடையிலும் இல்லை.

ஆனால் வெற்றிடம் இருப்பதாலேயே அங்கே வியாபாரம் இருக்கும் என்று சொல்ல முடியாது. யாருக்கும் தேவைப்படாததாலும் ஓர் இடம் காலியாகக் கிடக்கலாம். அதைத் தெரிந்துகொள்ள, வாங்குபவர்களை விட வாங்காமல் போகிறவர்களைக் கவனிக்க வேண்டும். வீதியோரக் கடைக்கு எதிரே நின்றோம். பஸ்ஸில் வந்த குடும்பங்கள் பையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தன. ஒரு தாயிடம் அக்கா காரணம் கேட்டார். “ஊருக்குக் கொண்டு போய்ப் பார்த்தா பாதி தூசா இருக்குது, போன முறையும் அப்படித்தான்” என்றார் அவர். காசு இல்லாமல் போகிறவர் வேறு, நம்பிக்கை இல்லாமல் போகிறவர் வேறு. இரண்டாமவருக்குத்தான் புதுக்கடை வேண்டும்.

அடுத்தது அக்காவின் அடக்க விலை. அவர் கைக்கு வருவது பச்சை மிளகல்ல, விவசாயி காயவைத்த மிளகு. 100க்கு வாங்கியதில் ஐந்தில் ஒரு பங்கு புடைக்கும்போது கழியும், ஆகவே நல்ல மிளகின் அடக்கம் 125. பைக்கும் இடத்துக்கும் 20 சேர்த்தால் 145. கழிவு மிளகை எண்ணெய் எடுப்பதற்காக வாங்குவோர் உண்டு என்றாலும், அந்த வரவை நாங்கள் கணக்கில் சேர்க்கவில்லை. 180க்கு விற்றால் 35 மிஞ்சும். 110க்கு விற்றால் ஒவ்வொரு நூறு கிராமிலும் 35 கைநட்டம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. வாங்குபவர் பலகையில் பார்ப்பது 180ஐயும் பக்கத்துக் கடையின் 140ஐயும்தான். தரம் பைக்குள் மறைந்திருக்கும்வரை விலை கூடியவர் தோற்பார். அதனால் மேசையில் ஒரு கண்ணாடிக் கிளாஸில் தண்ணீர் வைப்பது, வாங்குபவர் கண் முன்னே ஒரு பிடி மிளகைப் போட்டுக் காட்டுவது, கண்ணெதிரே நிறுத்துக் கட்டுவது என்று முடிவு செய்தோம். மாத்தளை மிளகு மாவட்டம் என்பதால் மிளகை மட்டும் விற்பது என்றும் தீர்மானித்தோம். கறுவா பெரும்பாலும் காலி, மாத்தறைப் பக்கம் விளைவது. அதில் அக்காவுக்குக் கைப்பழக்கமும் இல்லை, நேரே வாங்கும் வழியும் இல்லை.

பக்கத்துக் கடைக்காரர் நாளைக்கே சுளகு எடுத்தால் இந்த இடைவெளி சுருங்கும். அதனால் ஒவ்வொரு அறுவடைக்குப் பிறகும் மூன்று கடையிலும் நூறு கிராம் வாங்கித் திரும்பப் புடைத்துப் பார்க்க வேண்டும். உங்கள் வீதியிலும் கடை போட நினைத்தால், விலைப்பலகையைப் பார்த்து விலை குறைக்காதீர்கள். முதலில் அவர்கள் சரக்கை வாங்கி, நிறுத்து, கழிவை நீக்கி, மிஞ்சியதற்கு விலை போடுங்கள்.